முப்பத்தொன்றில் இரண்டைக் கழித்தவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். நாங்கள் மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறவர்கள். முதல்தடவை பணம் போட வருகிறவர்களுக்காக, ஃபண்டின் மாத அறிக்கையை ஒரே தாளில் சுருக்கி எழுதுவது அவள் வேலை. பெற்ற தாயிடமும் ரசீது கேட்கிற ரகம். பக்கத்து மேசைக்காரனான நான் பேனா இரவல் வாங்கினாலும் மணியைப் பார்ப்பாள்.

மாதக் கடைசி நாள். முடிதிருத்துபவர் ஒருவர் எட்டு வருடச் சேமிப்போடு வந்தார். மேலாளரின் அந்த மாத விற்பனை இலக்கில் துண்டு விழுந்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். மேலாளர் குட்டி போட்ட பூனையாய்ச் சுற்றினார்.

அவள் தாளை விரித்தாள். “அறுபது கம்பெனில போட்டிருக்காங்க அண்ணே. ஆனா பாதிப் பணம் முதல் பத்துலதான்.”

“பேரு அறுபது, பாரம் தூக்குறது பத்து.”

“செலவு விகிதம் வருஷத்துக்கு ரெண்டு சதவீதம். ஃபண்டு ஏறினாலும் இறங்கினாலும் எடுத்துப்பாங்க.”

“நானும் அப்படித்தான். முடி நல்லா வந்தாலும் வராட்டியும் காசு காசுதான்.”

“போன வருஷ வருமானம் முப்பத்தொண்ணு சதவீதம். செலவு ரெண்டைக் கழிச்சு இருபத்தொன்பதுன்னு எழுதியிருக்கேன்.”

மேலாளர் பாய்ந்து வந்தார். “என்னம்மா இது! செலவைத் தினமும் கழிச்ச பிறகுதான் யூனிட் விலையே போடுறாங்க. அந்த விலையை வெச்சுதான் முப்பத்தொண்ணு. நீங்க ரெண்டாந்தடவை கழிச்சிருக்கீங்க!”

யானைக்கும் அடி சறுக்கும். எனக்கு உள்ளூரக் குஷி, மறைப்பானேன்? அவள் முகம் சிவக்க, இருபத்தொன்பதை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினாள்.

“அப்ப முழுசா முப்பத்தொண்ணா! எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றார் வந்தவர். மேலாளர் பேனாவை நீட்டினார்.

அவள் அந்தப் பேனாவை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டாள். “பணம் எப்போ வேணும் அண்ணே?”

“அடுத்த வருஷம். கடைக்கு ரெண்டு நாற்காலி வாங்கணும்.”

“இது பங்குல போடுற ஃபண்டு. முப்பத்தொண்ணு போன வருஷக் கதை. அதுக்கு முந்தின வருஷம் இருபத்திரண்டு இறங்கியிருக்கு, பாருங்க. அடுத்த வருஷம் எப்படின்னு யாருக்கும் தெரியாது. நாற்காலிப் பணத்தை பேங்க் டெபாசிட்ல போடுங்க. ஏழெட்டு வருஷம் தொடாத காசு சேர்ந்தா இங்க வாங்க.”

அவர் பையை மூடினார். மேலாளர் அவள் காதிலிருந்த தன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் அவள்மேல் முதன்முறையாக மரியாதை வந்தது.

அடுத்த வருடம் அந்த ஃபண்டு பதினைந்து சதவீதம் இறங்கியது. மேலாளரின் சொந்தப் பணமும் அதில்தான் இருந்தது. அந்தக் கணக்கு வந்த வாரம், அதே முடிதிருத்துபவரின் கடையில் புது நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து அலறினார்.

“என்னய்யா, இவ்வளவு ஒட்ட வெட்டிட்டே!”

“இறங்கிடுச்சு சார்,” என்று கையை நீட்டினார் கடைக்காரர். “ஆனா செலவு செலவுதானே?”