பாதி ஃபீஸுக்கு ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரர் பஷீர் அகமதுவுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் ஒரு தம்பி.

தம்பி பெயர் நசீர். வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்குப் பெயின்ட், கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை. நாலு கடை தள்ளி நசீருக்கு மொபைல் கடை. நசீர் கடையில் ஏசி போட்ட மறு வாரமே இவரும் போட்டார். கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு ஏசி சரி. ஷட்டரைத் தூக்கிவிட்டால் ரோடே உள்ளே வருகிற எங்கள் கடைக்கு எதற்கு? குளிரெல்லாம் தெருவுக்குப் போனது, கரண்ட் பில் எங்களுக்கு வந்தது. கேட்டால், "கஸ்டமருக்கு ஒரு இது வேணும்ல" என்றார். அந்த 'இது' என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நசீர் பெண்டாட்டி ஜெஸிமா என் ஓரகத்தி. அவள் ஒரு புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு வயிறு எரிவேன். இவர் செலவு செய்து எரிவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் மகள் ஃபர்ஹீனும் நசீர் மகள் ரிஃபாத்தும் ஒரே வருஷம் பன்னிரண்டாவது முடித்தார்கள். நசீர் தன் மகளை ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி சேர்த்தான். கண் பரிசோதனை பண்ணுகிற படிப்பு. செய்தி கேட்ட மறுநாள் இவரும் ஃபர்ஹீனை அதே படிப்பில் சேர்த்துவிட்டு வந்தார். "அது இன்னா படிப்புன்னாச்சும் தெரியுமா?" என்று கேட்டேன். "நசீர் விசாரிக்காமலா சேர்த்திருப்பான்?" என்றார். தம்பி மேல் பொறாமை இருக்கிற அளவுக்கு நம்பிக்கையும் உண்டு.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ரிஃபாத்துக்குப் புதுச்சேரி அரசின் சென்டாக் கவுன்சிலிங்கில் அரசு நர்சிங் கல்லூரியில் இடம் வந்தது. நசீர் உடனே இங்கே விலகல் மனு கொடுத்து, கட்டின ஃபீஸைத் திரும்ப வாங்கினான். செயலாக்கக் கட்டணம் என்று சின்னத் தொகை பிடித்துக்கொண்டு மீதி முழுசும் அக்கவுன்டுக்கு வந்துவிட்டது. வந்த பணத்தில் மகளுக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்தான். எடுத்தவன் சும்மா இருக்கக் கூடாதா? முதல் ரவுண்டு எங்கள் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தான். ஜெஸிமா பின்னால் உட்கார்ந்து, "வாங்கக்கா, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவே மறந்துபோனேன்.

இவர் சிரித்து வாழ்த்தினார். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டுதான். அவன் பெண் கவர்மென்ட் காலேஜ், என் பெண் காசு கட்டிப் படிக்கிறாள். அவனுக்குப் பணம் திரும்பி வந்தது, என் பணம் போனது போனதுதான். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் முனகிவிட்டு ஒருநாள் காலையில் சொன்னார்: "ஃபர்ஹீன், நீயும் நின்னுடு. ஃபீஸ வாங்கிக்கலாம். அடுத்த வருஷம் சென்டாக்ல கவர்மென்ட் சீட்டு பாத்துக்கலாம்."

ஃபர்ஹீன் தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தபடி, "டெஸ்ட்லாம் நடந்துட்டிருக்கு அத்தா" என்றாள்.

"டெஸ்ட் எங்கயும் நடக்கும்."

நான் தடுத்திருக்கலாம். ஸ்கூட்டி கண் முன்னால் வந்து நின்றது. நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஃபீஸ் பிரிவு தனி. கண்ணாடிக்குப் பின்னால் புவனேஸ்வரி என்று ஒரு அம்மா இருந்தார். கரியமாணிக்கத்திலிருந்து தினம் வந்து போகிறவராம். இவர் போனதும் மனுவை நீட்டினார். மனு முழுக்க இவர் கையெழுத்தில் இருந்தது. 'என் மகளைப் படிப்பிலிருந்து வாபஸ் பெறுகிறேன்' என்று, தார்ப்பாய் கம்பெனிக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார்.

"இது செல்லாதுங்க. படிக்கிறவங்கதான் விண்ணப்பிக்கணும். நீங்க பெற்றோர்னு பக்கத்துல கையெழுத்து போடலாம்" என்று ஒரு படிவத்தை எடுத்து ஃபர்ஹீனிடம் கொடுத்தார் புவனேஸ்வரி.

"சரி, அவளே போடுவா. முழு ஃபீஸும் எப்ப வரும் மேடம்?"

"முழு ஃபீஸ் வராதுங்களே. பாதிதான் வரும்."

இவர் முகம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமா? "என் தம்பி பொண்ணுக்கு முழுசா குடுத்தீங்க. அதே கோர்ஸ், அதே ஃபீஸ். ஆளப் பாத்துக் குடுப்பீங்களா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் இப்படிக் கேட்பார்களோ. பொறுமையாகச் சொன்னார்: "ஆளப் பாத்து இல்லங்க, தேதியப் பாத்து. சேர்க்கைக்குக் கடைசி நாள்னு ஒண்ணு அறிவிப்போம். அதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே மனு குடுத்தா முழுசு, செயலாக்கக் கட்டணம் மட்டும் பிடிப்போம். அப்புறம் நாள் போகப் போகக் குறையும். கடைசி நாளுக்கு அப்புறம் முப்பது நாள் தாண்டிட்டா ஒண்ணும் கிடையாது, காப்புத்தொகை மட்டும்தான் திரும்ப வரும். யூஜிசி விதி, எல்லாருக்கும் இதேதான். உங்க தம்பி சீக்கிரம் வந்துட்டாரு."

"அவன் எப்பவும் முந்திக்குவான்" என்றார் இவர். அதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி கவுன்டர் விளிம்பை நகத்தால் சுரண்டினார். ஐம்பது வயது ஆள்.

பிறகு கடைக்காரப் புத்தி வேலை செய்தது. "சரி மேடம், பணமா வேணாம். வரவு வச்சுக்குங்க. அடுத்த வருஷம் வேற கோர்ஸ்ல சேத்தா அதுல கழிச்சுக்கலாம். என் கடையில நான் அப்படித்தான் பண்றேன்."

"இங்க அப்படி இல்லங்க. உடம்பு சரியில்லன்னு துறை அனுமதியோட படிப்ப நிறுத்தி வச்சுட்டு, பிறகு வந்து இதே கோர்ஸ்ல சேருறது வேற. அதுல சீட்டு இருக்கும். இது விலகல். ரிஜிஸ்ட்ரார் ஏத்துக்கிட்டா சீட்டு போயிடும். திரும்ப வேணும்னா புதுசா அப்ளை பண்ணி, புதுசா ஃபீஸ் கட்டித்தான் வரணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னிக்கு மனு குடுத்தா பாதி. நாளைக்கு வந்தா அதுவும் இல்ல. இன்னிக்குத்தான் முப்பதாவது நாள்" என்றார்.

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நாளைக்கு இல்லை என்றதும் இவர் பறந்தார். "போடுடி கையெழுத்த" என்று பேனாவைத் திறந்து மகள் கையில் திணித்தார். பிறகு படிவத்தின் அடிக்குறிப்பைப் பார்த்து அந்த அம்மாவிடம் கேட்டார்: "லைப்ரரி, லேப், பஸ் எல்லாத்துலயும் பாக்கி இல்லன்னு வாங்கணுமா? அதெல்லாம் ஓடிப்போய் வாங்கிடலாம்."

"அது அப்புறம் குடுத்தாக்கூடப் போதும். மனு வந்த தேதிதான் கணக்கு" என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியவில்லை.

ஃபர்ஹீன் படிவத்தை நிரப்பினாள். பெயர் எழுதினாள், பதிவெண் எழுதினாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றது. பாதி ஃபீஸ் ஒரு பக்கம், மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் ஒரு பக்கம். அடுத்த வருஷம் சென்டாக்கில் இடம் வரும் என்று எந்த மகராசன் எழுதிக் கொடுத்தான்? எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"ஏம்மா விலகுற? கோர்ஸ் பிடிக்கலையா?" என்று புவனேஸ்வரி கேட்டார்.

"ரிஃபாத் போயிட்டால்ல மேடம். அதான்."

"அவ்ளோ ஃப்ரெண்ட்ஸா ரெண்டு பேரும்? அவ இல்லாம இருக்க முடியலையா?"

"எனக்கு இல்ல மேடம்" என்றாள் என் மகள். "எங்க அத்தாவுக்கு."

பக்கத்துக் கவுன்டரில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்துவிட்டார்கள். புவனேஸ்வரி சிரிக்காமல் குனிந்துகொண்டார். இவர் கழுத்து வரைக்கும் சிவந்தது. அடிக்கத்தான் போகிறார் என்று நான் மகளுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் அடிக்கவில்லை. குரலைத் தணித்து, "உன் நல்லதுக்குத்தானடி ஓடியாறேன். ரிஃபாத்துக்கு இருக்கிற மூளை உனக்கும் இருந்தா கவர்மென்ட் சீட்டு அன்னிக்கே வந்திருக்கும்" என்றார்.

ஃபர்ஹீன் பேனாவை மூடினாள். "முதல் டெஸ்ட்ல எனக்கு எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தா?"

"முப்பத்தொண்ணுதான? நீதான சொன்ன."

"அது ரிஃபாத் மார்க். சாயந்தரம் நான் வந்தப்ப, ரிஃபாத் எவ்ளோன்னு கேட்டீங்க. சொன்னேன். எந்திரிச்சு கடைக்குப் போயிட்டீங்க." அவள் சத்தமே போடவில்லை. "ரெண்டாவது டெஸ்ட் வந்தப்ப அவ இங்கயே இல்ல. அப்பவும் அவளுக்கு நர்சிங்ல எவ்ளோன்னு போன் போட்டுக் கேக்கச் சொன்னீங்க. என்னுதக் கேக்கவே இல்ல. அம்மாவும் கேக்கல."

நான் இவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்தேன். கடைசி வார்த்தையில் அது மூடிக்கொண்டது. உண்மைதான். நான் கேட்டதெல்லாம், 'ஜெஸிமா மகள் காலேஜுக்கு என்ன போட்டுக்கொண்டு போனாள்' என்றுதான்.

கவுன்டரில் எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. புவனேஸ்வரி, "நீங்க வெளிய உக்காந்து யோசிச்சுட்டு வாங்க. நாலரை மணி வரைக்கும் வாங்குவோம்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சு. மூன்று பேரும் உட்கார்ந்தோம். இவர் போனை எடுத்தார். தம்பிக்குத்தான் போடப் போகிறார், என்ன செய்யலாம் என்று கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஒரு முடிவும் தம்பியைப் பார்க்காமல் எடுத்ததில்லை. நசீரின் பெயர் வரை விரல் போனது. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வகுப்பு விட்டு வந்த பெண்கள் நாலு பேர் ஃபர்ஹீனைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி, "எங்கடி போயிட்ட? காலைல லேப்ல நீ இல்லாம எங்களுக்கு அந்த லென்ஸே பிடிபடல, மதியம் லேபுக்காச்சும் வந்துடு" என்றாள். ஃபர்ஹீன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வர்றேன், போங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு இவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், "ரிஃபா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். சட்டைப்பையில் இருந்த போனை ஒருதடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உனக்கு எவ்ளோ வந்துச்சும்மா?"

ஃபர்ஹீன் படிவத்தை மடித்து, இன்னொரு தடவை மடித்து, புத்தகப் பைக்குள் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நாப்பத்தேழு அத்தா. ஐம்பதுக்கு."

"ரெண்டாவதுல?"

"நாப்பத்தெட்டு."

அவர் தலையை ஆட்டினார். நான் பயந்துகொண்டே காத்திருந்தேன், அடுத்து அந்தக் கேள்வி வரும் என்று. வரவில்லை. "லேபுக்கு நேரமாச்சு, போ" என்றார்.