கேட்பது மேலே

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸுக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் என் பொறுப்பு. அதில் உப்பை வடிகட்டும் மெம்பரேன் பழுதாகி, தண்ணீரில் உப்பு நாளுக்கு நாள் ஏறியது. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு நீண்ட மெயில் எழுதினேன். புது மெம்பரேன் கேட்டது கடைசிப் பத்தியில் இருந்தது. ஒரு வாரமாகியும் பதில் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி எழுதினேன். முதல் வரி: "புது மெம்பரேனுக்கு நாளை மாலை ஐந்து மணிக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும்." இரண்டாவது வரி: "வராவிட்டால் வெள்ளிக்கிழமை முதல் டயாலிசிஸை நிறுத்த வேண்டியிருக்கும்." தினசரி அளவீடுகள், படங்கள் எல்லாம் அதற்குக் கீழே.

அனுப்பும் முன் எங்கள் மேலாளர் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஏம்மா, எடுத்ததுமே இப்படியா? விவரத்த எழுதிக்கினு போயி, கடைசில பணிவா கேளு. பெரியவங்க தப்பா நெனைப்பாங்க."

"போன தடவ அப்படித்தான் சார் எழுதினேன். கடைசி வரைக்கும் யாரும் படிக்கல. இத மாத்த மாட்டேன்."

"அப்ப அடியில இருக்கிற என் பேர எடுத்துடு."

அவர் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன். பெருமுக்கல்லிலிருந்து டயாலிசிஸுக்கு பஸ் ஏறி வருகிறவர்களின் ரத்தத்தைப் பணயம் வைத்துப் பணிவு காட்ட எனக்கு மனமில்லை.

அரை மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது. கூடவே, "இனி மரியாதையாக எழுதவும்" என்று ஒரு வரி. அடுத்த மெயிலில் மரியாதையைக் கடைசிப் பத்தியில் வைத்தேன்.