குளிசையை விட்டுச் செப்புக்கு மாறியபோது

இரண்டாவது மகள் பிறந்தபின் ஒன்றரை வருடம் நான் தினமும் ஒரு கர்ப்பத்தடைக் குளிசை விழுங்கினேன். குமட்டும், தலையிடிக்கும். ஆனால் மாதவிலக்கு இரண்டு நாளில் பேருக்கு வந்து போய்விடும். சண்டையில் கொழும்புப் பாதை பூட்டியபிறகு குளிசை ஒழுங்காக வரவில்லை. இடையில் விட்டால் பிள்ளை தங்கிவிடும், கருப்பைக்குள் லூப் போடலாம் என்றார் எங்கள் பகுதி மருத்துவிச்சி. கிளினிக்கில் டொக்டரம்மா போட்டுவிட்டார். சின்னப் பிளாஸ்டிக் துண்டு, அதன் தண்டில் சுற்றிய செப்புக் கம்பி, நுனியில் மெல்லிய நூல்.

குமட்டலும் தலையிடியும் போயின. அடுத்த மாதவிலக்கு ஏழு நாள் நீண்டது. அடிவயிறு முறுக்கியது. தோட்டத்தில் குனிந்து வெங்காயம் நட முடியவில்லை.

கணவரின் அக்கா, என் மச்சாள், உள்ளே செப்பில் களிம்பு பிடித்திருக்கும் என்றார். எங்கள் தமிழ்ச் சனத்தைக் குறைக்கத்தான் இதைக் கொழும்பிலிருந்து அனுப்புகிறார்களாம். பிறகு கேட்டார்:

"குளிசை வராது, மண்ணெண்ணெய் வராது. உது மட்டும் எப்பிடி வந்தது?"

அது என்னைத் தைத்துவிட்டது. மருத்துவிச்சி ஏன் அவ்வளவு வற்புறுத்தினார்? அவர் கொப்பியில் எழுதுவதெல்லாம் யாருக்குப் போகிறது? அடுத்த மாதமும் அப்படியே இரத்தம் போக, கிளினிக்குக்குப் போய் மச்சாளின் கேள்வியை அப்படியே கேட்டேன்.

மருத்துவிச்சி கோபிக்கவில்லை. குளிசை மாதாமாதம் வரவேண்டும், இது ஒருமுறை வந்தால் பல வருடத்துக்குக் காணும், பாதை பூட்ட முன்னர் வந்தவை இன்னும் இருக்கின்றன என்றார். டொக்டரம்மா யன்னல் வெளிச்சத்தில் சோதித்து, நூல் சரியான இடத்தில் இருக்கிறது, கிருமித் தொற்றும் இல்லை என்றார். கண்மடல் வெளிறியிருப்பதைப் பார்த்து இரும்புச்சத்துக் குளிசை தந்தார்.

"பிறகேன் இவ்வளவு இரத்தம்?" என்றேன்.

மருத்துவிச்சி பக்கத்தில் இருந்தார். "குளிசை இரத்தத்தோடை உடம்பு முழுக்கப் போய்த்தான் முட்டை வெளிக்கிடாமல் நிப்பாட்டும். அதாலைதான் குமட்டல், தலையிடி. கருப்பையின்ரை உள்பக்கமும் மெல்லிசாகிப் போறதாலை இரத்தம் குறைவு. செப்பு அப்பிடியில்லை. கருப்பைக்குள்ளை மட்டுந்தான் வேலை. முட்டை வழமைபோலை வெளிக்கிடும். ஆம்பிளையின்ரை விந்து அதிட்டைப் போய்ச் சேராமல் செப்பு பழுதாக்கிப்போடும். ஆனால் கருப்பைக்கு அது உறுத்தும். அதுதான் வலியும் இரத்தமும். கொஞ்ச மாதத்திலை குறையும்."

நான் நம்பவில்லை. "எடுங்கோ எண்டால் எடுப்பியளோ?"

"இப்பவே. ஏன் எண்டும் கேக்கமாட்டம்."

பொய்யோ என்று மருத்துவிச்சியின் முகத்தைப் பார்த்தேன். டொக்டரம்மா ஏற்கெனவே புதுக் கையுறையைப் போடத் தொடங்கிவிட்டார். இன்னும் மூன்று மாதம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வலி அடங்கியது. இரத்தம் ஐந்து நாளாகக் குறைந்தது, குளிசைக் காலத்தைப் போல ஒருபோதும் ஆகவில்லை. மச்சாள் விதைத்த ஐமிச்சமும் முழுதாகப் போகவில்லை. மாதாமாதம் விரலால் நூலைத் தேடிப் பார்ப்பேன். மூன்று வருடத்தின்பின் இன்னொரு பிள்ளை வேண்டுமென்று எடுக்கச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாதம் எனக்குப் பிள்ளை தங்கியது.

மச்சாள் என் வயிற்றைப் பார்த்தார்.

"உண்மையா எடுத்தவையோ," என்றார், "அல்லது அது வேலையே செய்யேல்லையோ?"