என் ஏற்புரையில் எழுந்த ஒரு கேள்வி

இன்று மாலை பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவுக்கான ஏற்புரையை நான்கு பக்கம் எழுதி, மூன்று முறை வாசித்துப் பார்த்திருந்தேன்.

வாணவெடிகளில் நீல நிறம் வரவழைப்பதுதான் கடினம் என்று தொடங்கினேன். நீலத்தைத் தரும் செம்புச் சேர்மம் அதிகச் சூட்டில் சிதைந்து, நிறம் வெளுத்துவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் பிடித்தது, நீங்களும் விடாமல் தேடுங்கள் என்றேன்.

பத்தாம் வகுப்பு பர்வீன் எழுந்துவிட்டாள். "சார், சூட்டைக் குறைச்சா வெளிச்சமும் மங்கிருமே. அப்ப எப்படித்தான் செய்றாக?"

தலைமையாசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஏ பிள்ள, உக்காரு! சார வழியனுப்ப வந்தியா, பரீட்சை வைக்க வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

எனக்குக் கொதித்தது. ஆனால் மைக் திரும்பி வந்ததும், விட்ட வரியிலிருந்து வாசித்தேன்: "கேள்வி கேட்க ஒருபோதும் அஞ்சாதீர்கள்."

பலத்த கைதட்டல். பர்வீன் மட்டும் தட்டவில்லை.

அவர் செய்தது அநியாயம். அதற்குப் பிறகும் நான் அந்த வரியை வாசித்தது அதைவிட அநியாயம்.

விழா முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன். "எனக்கு விடை தெரியாதும்மா. தேடிச் சொல்றேன்."

"நாளைல இருந்து நீங்கதான் வரமாட்டீகளே சார்?"

"இதுக்காக வருவேன்."

பின்னாலிருந்து தலைமையாசிரியர் கூப்பிட்டார். "சார், போட்டோவுக்கு எல்லாரும் நிக்காக!"

"நிக்கட்டும் சார்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை.

பட்டாசுக் கம்பெனிகளில் இருக்கும் என் பழைய மாணவர்களே, விடை தெரிந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். உங்களில் யாரையாவது நானும் அப்படி உட்கார வைத்திருந்தால், அதையும் எழுதுங்கள். இனி என்னிடம் மதிப்பெண் இல்லை, பயப்பட வேண்டாம்.