பூண்டு மூட்டை கீறிய டேங்க்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டு மூட்டையை முன்னால் வைத்து ஓட்டி, என் பைக் டேங்க் முழுக்கக் கீறல். "என் தம்பி கல்யாணத்துக்கு இந்த வண்டியில ஏறமாட்டேன், பஸ்ல போறேன்" என்றாள் மனைவி. வத்தலக்குண்டு பட்டறையில் புதிதாக வந்திருந்த செராமிக் கோட்டிங் என்ற பளபளப்புப் பூச்சைக் கூச்சத்தோடு கேட்டேன்.

"அதுல தண்ணி ஒட்டாதுண்ணே, சேறும் வெரசா கழுவிப் போயிரும். ஆனா இருக்கிற கீறல் மறையாது, மூட்டை உரசுனா புதுசும் விழும். காம்பவுண்டுங்கிற பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்ச்சு மெழுகு பூசுனாப் போதும். மெழுகை மட்டும் அப்பப்பப் பூசணும்" என்றார் மெக்கானிக்.

அவர் தேய்க்கத் தேய்க்க மெல்லிய கீறல்கள் மறைந்தன; மேலே மெழுகும் பூசிக் கொடுத்தார். வீட்டில் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை டேங்கில் ஊற்றினாள். முத்து முத்தாக உருண்டோடியது. "ஏங்க, இன்னொரு சொம்பு!" குடம் காலியாகும்வரை ஊற்றி ஊற்றிச் சிரித்தோம்.

மறுநாள் பைக்கிலேயே கல்யாணத்துக்குப் போனோம்.