ஸ்டெப்னியின் முறை

மருத்துவ வண்டிகள் நிற்கும் அந்தக் கொட்டகையில் டயர் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் காற்றடித்தும் கழற்றியும் மாட்டியும் வந்ததில் ‘காத்தம்மா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். கை சுத்தம், கண் கூர்மை, வாய் குறைவு. உலகத்தில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் அதிகாரிகள் என்பது அவளுடைய கணக்கு.

அப்போது வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி டயரைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. ஆனால் டயருக்குக் கறுப்பு மெருகு பூசச் சொல்வார். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் வண்டிகள் மின்ன வேண்டும். காற்று இருக்கிறதா என்று கேட்கமாட்டார். அவருடைய செருப்பும் அப்படித்தான், மேலே பளபளப்பு, அடியில் ஓட்டை. அதைக் கவனித்த நாளிலிருந்தே காத்தம்மாவுக்கு அவரைப் பற்றி வேறெதுவும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

மேட்டு ஊர்களுக்குத் தடுப்பூசி கொண்டுபோக ஒரு புது வேன் வந்தது. நாலு சக்கரமும் எந்நேரமும் இழுக்கும் வண்டி. பின்கதவில் ஐந்தாவதாக ஒரு ஸ்டெப்னி. மற்ற நாலின் அதே அளவு, அதே கம்பெனி, தரையைப் பிடிக்கும் வெட்டுக்கோடான பூவும் அதே. எந்தப் பக்கம் மாட்டினாலும் ஓடும் ரகம். அவளுக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது.

முதல் எட்டாயிரம் கிலோமீட்டர் ஆனதும் அதிகாரியிடம் போனாள்.

“சார், டயர் மாத்திப் போடுறப்ப ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுத்துல விடணும். அஞ்சும் ஒண்ணா தேயும்.”

அவர் சிரித்தார். “ஏம்மா, ஸ்டெப்னின்னா ஆபத்துக்கு. அதையும் ஓட்டித் தேச்சுட்டா ஆபத்துக்கு எதை மாட்டுறது? புதுசா இருக்கட்டும். ஒரு உறை தச்சுப் போடச் சொல்றேன்.”

நாலை மட்டும் ஓட்டினால் நாற்பதாயிரத்தில் தேயும், ஐந்தையும் ஓட்டினால் ஐம்பதாயிரம் வரும் என்று விளக்கியிருக்கலாம். அதைவிடப் பெரிய விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்வது தனக்கு இழுக்கு என்று நினைப்பவள். ‘தச்சுப் போடு, சாமி, அதுக்கு மாலையும் போடு’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு டயரை மட்டும் இடம் மாற்றி மாற்றிப் போட்டாள். ஸ்டெப்னி உறைக்குள் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

முப்பத்தெட்டாயிரம் ஓடியபின், மேட்டுப் பாதையில் ஒரு கூர்க்கல் முன் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது. பக்கச் சுவருக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. வண்டியை ஓட்டியவன் அவளுடைய தம்பி. ஸ்டெப்னியை மாட்டிவிட்டுப் போன் செய்தான்.

“அக்கா, புது டயரு மத்ததோட சேராம கொஞ்சம் தூக்கலா இருக்கு. அதிகாரி ரெண்டு வாரம் இப்படியே ஓட்டுங்கறாரு. ஓட்டலாமா?”

கூடாது என்பது அவளுக்குத் தெரியும். நாவில் வந்தது வேறு.

“அந்த மகான்தான சொன்னாரு? அவரையே கேட்டு ஓட்டு.”

போனை வைத்தபோது ஒரு சின்னத் திருப்தி. இப்போது தெரியட்டும் அந்த ஆளுக்கு என்ற திருப்தி.

பதினொன்றாம் நாள் வேன் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பெட்டி சூடேறி, எண்ணெய் கருகி, பல் உடைந்துவிட்டது. தடுப்பூசிப் பெட்டியிலிருந்த பனிக்கட்டி உருகியது. கூட வந்த நர்ஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தாள். அத்தனை மருந்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. காலையிலிருந்து பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்த தாய்மார்கள் ஊசி போடாமலே திரும்பிப் போனார்கள்.

விசாரணைக்குத் தலைமை மருத்துவர் வந்தார். அதிகாரி தயாராக இருந்தார்.

“டிரைவர் கியரை முரட்டுத்தனமா போட்டிருக்கான், மேடம். பழக்கம் சரியில்லை.”

தம்பி தலை குனிந்து நின்றான். காத்தம்மா கேட்காமலேயே உள்ளே போனாள். கையில் டயர் பூவின் ஆழம் பார்க்கும் அளவுகோல்.

“மேடம், ஸ்டெப்னியோட பூ எட்டு மில்லிமீட்டர். மத்த மூணும் ரெண்டரை. தேஞ்ச டயரு சுத்தளவுல சின்னது. ஒரே தூரத்துக்கு அது அதிகமா சுத்தணும். இந்த வண்டியில நாலும் ஒண்ணா கட்டுப்பட்டு இழுக்குது. ஒண்ணு மட்டும் வேற வேகத்துல சுத்துனா, நடுவுல இருக்கற பெட்டி ஓயாம அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கணும். கொஞ்ச தூரம்னா தாங்கும். ஆயிரத்தி எண்ணூறு கிலோமீட்டர் தாங்காது. மொதல்லேர்ந்தே ஸ்டெப்னியையும் சுத்துல விட்டிருந்தா, அதுவும் மத்ததும் ஒரே தேய்மானமா இருந்திருக்கும். எங்க கிழிஞ்சாலும் மாட்டிட்டுப் போயிருக்கலாம்.”

அதிகாரியின் முகம் அவர் பூசச் சொல்லும் மெருகைவிடக் கறுத்தது. தம்பி மேல் இருந்த பழி நீங்கியது.

ஆனால் முட்டாள்தனம் தோற்றால் ஓய்ந்து உட்காராது, எதிர்ப்பக்கம் பார்த்து ஓடும். மறுநாளே அதிகாரியின் உத்தரவு வந்தது. எல்லா வண்டியிலும் ஸ்டெப்னியை உடனே சுற்றில் சேர்க்க வேண்டுமாம். சின்னக் காரில் இருந்தது ஒல்லி ஸ்டெப்னி, எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று பக்கத்திலேயே அச்சடித்தது. பழைய ஜீப்பில் இருந்ததோ ஏழு வருஷமாக வெயிலில் தொங்கி, மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டது.

காகிதத்தைப் பார்த்துவிட்டுக் காத்தம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இதையும் விட்டுவிடலாம், மாட்டட்டும், ஓடட்டும், விழட்டும் என்று தோன்றியது. அப்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, அன்னிக்குப் போன்ல கேட்டேனே. உனக்குத் தெரியும்தான?”

காத்தம்மா காகிதத்தை மடித்தாள்.

“ஓட்டாதடான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான. அந்தாளு மேல இருக்கற வெறுப்புல என்னை ஏத்தத்துல விட்டுட்ட.”

அவனுக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் சுட்டது. அந்த ஓட்டைச் செருப்புக்காரர் அறியாமல் செய்ததைத் தான் அறிந்தே செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நாள் அவர்மேல் துப்பியது கொஞ்சம் தன் முகத்திலும் தெறித்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போய், இப்படி எல்லா வண்டியிலும் சேர்க்கக் கூடாது என்றாள்.

“அன்னிக்குச் சேர்க்கணும்ன, இன்னிக்குச் சேர்க்காதங்கற. உனக்கு என்னதாம்மா வேணும்?” என்றார் அவர்.

“கேளுங்க சார். அளவும் ரகமும் ஒண்ணா இருந்து, புதுசுலேர்ந்தே ஓட்டுனா சேர்க்கலாம். ஒல்லி ஸ்டெப்னியைச் சேர்க்கக் கூடாது. ஒரு பக்கமா மட்டும் சுத்தற டயரு இருக்கற வண்டியில சேர்க்க முடியாது. மத்தது பாதி தேஞ்சப்புறம் புதுசை நடுவுல நுழைக்கக் கூடாது. வயசான ரப்பரைச் சேர்க்கவே கூடாது.”

“சரி சரி, வச்சிட்டுப் போ.”

“புரிஞ்சுதா சார்?”

“புரிஞ்சுது.”

புரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. காத்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூன்றாவது தடவை முடிந்ததும் அவர் பேனாவை எடுத்து உத்தரவைத் திருத்தினார். எழுத்துப் பிழைகளோடுதான்.

வேனுக்கு நடுப்பெட்டி மாற்றி, ஐந்தும் புது டயர் போட்டார்கள். ஒவ்வொரு எட்டாயிரத்துக்கும் அவளே நின்று மாற்றுவாள். வலப்பின் டயர் வலமுன்னுக்கு, வலமுன் இடப்பின்னுக்கு, இடப்பின் இடமுன்னுக்கு, இடமுன் கதவுக்கு, கதவில் ஓய்ந்தது வலப்பின்னுக்கு. முடித்ததும் ஐந்துக்கும் காற்றுப் பார்த்து, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்குவாள்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி ஒரு டயர் கிழிந்தது. தம்பி ஸ்டெப்னியை மாட்டி, ஊசியெல்லாம் போட்டு முடித்து, சாயங்காலம் சாதாரணமாக வந்து சேர்ந்தான்.

அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. பிரிவு உபசாரத்தில், ஐந்து டயர் சுழற்சி தன் சொந்தத் திட்டம் என்று கால்மணி நேரம் பேசினார். ஒல்லி ஸ்டெப்னியையும் சேர்க்கலாம் என்று நடுவில் உளறினார். எல்லாரும் கை தட்டினார்கள். காத்தம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் முடிந்ததும் அவர் போகப்போகும் ஊரின் டயர் பகுதிக்குப் போன் போட்டு, அங்கே எடுத்த ஆளிடம் விவரத்தை நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள்.