பதினாறு யார் சொன்ன எண்

சனி கும்பத்தில் இருந்த வருடம், கார்த்திகை மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. பொள்ளாச்சியில் என் களத்தில் கொப்பரை காயாமல் கிடந்தது. அந்தக் கவலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்காரரோடு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். ஆனைமலைப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு. போன காரியம் அவர் மகளின் கல்யாணத்துக்கு ஜோசியம் கேட்பது.

உடுமலையிலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அதற்கப்புறம் பேச்சில்லை. இதற்குள் பெண் கேட்டிருந்த கிணத்துக்கடவுக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று நின்றார்கள். பெண்ணுக்கு உடுமலைப் பையனைப் பிடித்துவிட்டது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆர்.எஸ்.புரத்தில் ஜோசியம் பார்த்தவர் மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஜாதகம் கேட்கமாட்டார். ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பத்தொன்பதுக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்து லக்கனம் போடுவார். கேள்வி ஒன்றுதான். பதிலும் நடக்கும், நடக்காது என்று ஒன்றுதான். அவர் வீட்டு வாசலில் ஒரு சீத்தா மரம் இருந்தது. காயெல்லாம் அணில் கடித்த காய். காத்திருக்கிறவர்களுக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை.

உள்ளே போனதும் மச்சான், "உடுமலை எடம் எம்புள்ளைக்கு அமையுமாங்க? நம்பர் பதினாறுங்க" என்றார்.

ஜோசியர் கால்குலேட்டரைத் தட்டி, கட்டம் போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"கேக்கறது நீங்க. புள்ளைங்கறது அஞ்சாமிடம். அங்கிருந்து ஏழு எண்ணுனா பதினொண்ணு. அதுதான் அவ கல்யாணம். அந்தப் பதினொண்ணுக்கு சப் லார்டு, உட்பிரிவு அதிபதி, புதனுங்க. புதன் நிக்கறது சனியோட நட்சத்திரத்துல. சனி பத்துல உக்காந்திருக்கறாரு. பத்துங்கறது புள்ளைக்கு ஆறாமிடம், பிரிச்சுவுடற எடம். இது அமையாதுங்க."

"புதன் நல்லவருதானுங்களே?" என்றேன் நான்.

"நல்லவரு கெட்டவரு இல்லீங்க. கிரகம் தான் நிக்கற நட்சத்திரத்து அதிபதி, ஸ்டார் லார்டு, காட்டுற காரியத்தைத்தான் செய்யும். ஆகுமா ஆகாதான்னு முடிச்சுச் சொல்றது சப் லார்டு."

மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்புறம், "அப்ப கிணத்துக்கடவுக்கே சொல்லிப்போடறேன்" என்று எழுந்தார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஜோசியர் சும்மா கேட்டார்.

"வாரவங்க பாதிப்பேரு நூத்தியெட்டும்பாங்க. உங்களுக்குப் பதினாறு எப்படிங்க தோணுச்சு?"

"எனக்கெங்கீங்க தோணுது. காலைல கெளம்பறப்ப எம்புள்ளைகிட்ட, கண்ணு ஒரு நம்பர் சொல்லுன்னேன். மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டிருந்தவ, திரும்பிப் பாக்காம சொன்னா."

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க. அதைய மொதல்லயே நான் கேட்டிருக்கோணும்."

அதே கட்டம்தான். எண் பெண்ணுடையது என்றால் கேட்கிறவளும் பெண்தான். அப்போது அஞ்சிலிருந்து எண்ணக்கூடாது, நேரே ஏழாமிடம் பார்க்கவேண்டும்.

"ஏழுக்கு சப் லார்டு சனி. சனி நிக்கறது ராகுவோட நட்சத்திரத்துல. ராகு ஏழுலயே இருக்கறாரு. அமையுமுங்க."

மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒரே நம்பருக்கு ரெண்டு பதிலுங்களா? நாளைக்கு எங்க பசுமாடு சொல்லுச்சுன்னா மூணாவது ஒண்ணு வருமாக்கு?"

"மாடு சொன்னா மாட்டுக்கு மாப்பிள்ளை பாக்கலாமுங்க." அவர் சிரிக்காமல் சொல்லிவிட்டு மறுபடி எழுதினார். "இன்னைக்கு வியாழன். சந்திரன் விசாகத்துல, அதுவும் குருவோடது. நம்பர் லக்கனம் வேற, இப்ப உதிக்கற லக்கனம் மகரம், சனி வீடு. இந்த ரெண்டு பேரும் சேருற நாள் வேணும். வர்ற சனிக்கிழமை இல்லீங்க, அதுக்கடுத்தது. அன்னைக்குக் காலைல பூரட்டாதி, குரு நட்சத்திரம். கெழமையும் சனி. சேதி வரும்."

அந்தச் சனிக்கிழமை, கிணத்துக்கடவுக்காரர்கள் சொன்ன கெடுவைத் தாண்டி இருந்தது. திரும்பும் பஸ் கிணத்துக்கடவு வழிதான். அங்கே பஸ் நின்றபோது மச்சான் இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"மாப்ளே, அவ சொன்ன நம்பரை நம்பறதா, நான் போய்க் கேட்டதை நம்பறதா?"

"கட்டிக்கப் போறது அவதானுங்க மச்சான்."

ஞாயிறு கிணத்துக்கடவுக்கு ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வேறு இடத்தில் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அக்கா மூன்று நாள் மச்சானோடு பேசவில்லை. பெண் எல்லோருடைய வேலையையும் சேர்த்துச் செய்தாள்.

ஜோசியர் சொன்ன சனிக்கிழமை நான் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மழையில்லை, கொப்பரைக்கு நல்ல வெயில். அதை விட்டுவிட்டுப் போனேன். உடுமலைப் பையனின் பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். குடும்பத்தில் ஒரு சாவு, தீட்டு கழியட்டும் என்று பேசாமல் இருந்தார்களாம். தையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அந்தச் சாவுச் சேதி எங்களுக்கு வந்திருந்தால் ஜோசியரிடமே போயிருக்கமாட்டோம். அதை மச்சானிடம் சொன்னேன். அவர் பெரியப்பாவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். ஆனால் அப்புறம் யாராவது அந்த ஜோசியரிடம் போகிறேன் என்றால், வழி சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்வார்:

"நம்பர் யாரு சொன்னதுன்னு மொதல்ல சொல்லிப்போடுங்க. அவரா கேக்கமாட்டாரு."